வினாத்தாள் மாறினால்: தேர்வறையில் தொலையும் நிமிடங்களின் கணக்கு

2024 மே 5 அன்று நாடு முழுவதும் நடந்த நீட் தேர்வை 23 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். 4,750 மையங்கள், 13 மொழிகள், 200 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். பிற்பகல் 2 மணிக்கு எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கி 5.20க்கு முடிய வேண்டும். பெரும்பாலான மையங்களில் அப்படித்தான் நடந்தது. ஆனால் சில மையங்களில் வினாத்தாள் மாறிப்போனது, சில இடங்களில் மொழி மாறிப்போனது. அந்தத் தவறுகளில் தொலைந்த நிமிடங்களை எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்வி அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இவ்வளவு கட்டுக்காவலுக்கு நடுவிலும் வினாத்தாள் எப்படி மாறுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நீட் தேர்வுக்கு ஒரு வினாத்தாள் மட்டும் அச்சாவதில்லை. முற்றிலும் வேறு கேள்விகள் கொண்ட இன்னொரு வினாத்தாளும் மாற்றாக அச்சிடப்படுகிறது. 2024இல் இவ்விரண்டும் ஒவ்வொரு நகரிலும் இரண்டு வங்கிகளின் பெட்டகங்களில் தனித்தனியே வைக்கப்பட்டன. ஒன்று பாரத ஸ்டேட் வங்கி, மற்றது கனரா வங்கி. எந்த வங்கியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது தேர்வு நாளன்றுதான் அந்தந்த ஊர்ப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கப்படும். ஒரு தாள் வெளியே கசிந்துவிட்டால் மற்றதைக் கொண்டு தேர்வை நடத்தலாம் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம். அந்த ஆண்டு ஸ்டேட் வங்கித் தாளைத்தான் பயன்படுத்த வேண்டும். சில ஊர்களில் கனரா வங்கித் தாளையும் எடுத்துவந்து விநியோகித்துவிட்டார்கள். கசிவைத் தடுக்க வைத்த மாற்றுத் தாளே குழப்பத்துக்குக் காரணமாயிற்று.

ஒரு வினாத்தாளுக்குள்ளும் பல வகைகள் உண்டு. பக்கத்து இருக்கையைப் பார்த்து எழுதாமலிருக்க, அதே கேள்விகள் வெவ்வேறு வரிசையில் அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குறியீடு தரப்படும். அந்தக் குறியீடு வினாத்தாள் கையேட்டின் மேலட்டையிலும் இருக்கும், விடை நிரப்பும் ஓஎம்ஆர் தாளிலும் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உடனே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லி வினாத்தாள், விடைத்தாள் இரண்டையுமே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரியை மாணவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை. திருத்துவது கணினி. ஓஎம்ஆர் தாளில் உள்ள குறியீட்டுக்குரிய விடைகளோடுதான் அது ஒப்பிடும். குறியீடு மாறிய தாளில் 180 கேள்விக்கும் சரியாக விடை எழுதியிருந்தாலும், திருத்தும்போது கிடைப்பது கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கில் நிரப்பியவருக்குக் கிடைக்கும் மதிப்பெண்தான்.

மொழி மாறுவது வேறு வகைச் சிக்கல். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் அச்சான கையேடு தரப்படும். இந்தி, தமிழ் போன்ற மொழிகளைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிக் கையேடு. அதனால் எல்லா மொழிமாற்றமும் ஒரே அளவு கேடு செய்வதில்லை. ஆங்கில வழி மாணவர் கையில் இந்திக் கையேடு வந்தால் அதிலேயே ஆங்கிலமும் இருக்கிறது, சமாளித்துவிடலாம். இந்தி வழியில் படித்தவர் கையில் வெறும் ஆங்கிலக் கையேடு வந்தால் அப்படி எந்த வழியும் இல்லை. தமிழில் எழுத வந்தவரிடம் இந்தி, ஆங்கிலக் கையேடு கொடுத்தாலும் நிலைமை அதேதான். 2018 நீட் தேர்வின்போது மதுரையில் ஒரு மையத்தில் இது நடந்து, தேர்வு தொடங்கவே வெகுநேரம் ஆனது. தமிழ்க் கையேடுகள் குறிப்பிட்ட சில மாநில, யூனியன் பிரதேச மையங்களுக்கு மட்டுமே, விண்ணப்பித்தவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அனுப்பப்படுகின்றன. ஒரு கட்டு தவறான மையத்துக்குப் போய்விட்டால், அதைத் தேடி எடுத்துவர ஊருக்குள்ளேயே வண்டி அனுப்ப வேண்டியதுதான்.

தவறு அறைக்குள் தெரியவரும் நேரம் முக்கியம். அந்த ஆண்டின் கால அட்டவணைப்படி 1.30க்கு வாயில் மூடப்படும், 1.45க்குக் கையேடு கையில் வரும், 1.50க்குப் பெயர், பதிவெண் முதலியவற்றை நிரப்பத் தொடங்கலாம், 2 மணிக்கு முத்திரையைப் பிரிக்கலாம். முத்திரை பிரிப்பதற்குமுன் கண்டுபிடித்தால் இழப்பு குறைவு. ஆனால் மேலட்டையைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. முதல் பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் கை உயர்கிறது. அறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கையேட்டை மாற்றும் அதிகாரம்கூடத் தனியே கிடையாது. அவர் மையக் கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவர் மேலிடத்தைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அனுமதி வந்ததும் உதிரிக் கையேடுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கையேட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் வருகைப் பதிவுத் தாளில் மாணவர் கையெழுத்துக்கு அருகே ஏறியிருக்கும். கையேட்டை மாற்றினால் அதையும் அடித்துத் திருத்த வேண்டும், ஓஎம்ஆர் தாளும் புதிதாக நிரப்ப வேண்டும். 24 பேர் இருக்கும் ஓர் அறையில் இதைச் செய்து முடிக்க இருபது நிமிடம் ஆனால் வியப்பில்லை. இரண்டு வங்கித் தாள்களும் கலந்து விநியோகமான மையத்தில், முதலில் எந்தத் தாள் சரி என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கொடுத்து, பிடுங்கி, மீண்டும் கொடுத்து என்று போகும்.

இந்தக் கட்டத்தில் மையத்தின் தலைமை என்ன செய்கிறது என்பதே மற்றதையெல்லாம் தீர்மானிக்கிறது. 2024இல் ராஜஸ்தானின் சவாய் மாதோபூரில் நடந்தது மோசமான முடிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெண்கள் பள்ளி மையத்தில் இந்தி வழி மாணவர்களுக்கு ஆங்கிலத் தாள் கொடுக்கப்பட்டது. திருத்துவதற்குள் சிலர் கையேட்டோடு அறையைவிட்டு வெளியேறிவிட்டார்கள். தேர்வு முடியும்வரை வினாத்தாளை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற விதி அங்கே உடைந்தது. மாலை 4 மணி வாக்கில் அந்தத் தாள் இணையத்தில் சுற்றியது. மற்ற மையங்களில் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே எழுதிக்கொண்டிருந்ததால் இது கசிவு ஆகாது என்று தேசியத் தேர்வு முகமை அறிவித்தது. அந்த விளக்கம் சரிதான். ஆனால் அந்த மையத்தில் அதே தாளைக் கொண்டு தேர்வைத் தொடர முடியாமற்போனது. ஏறத்தாழ 120 பேருக்கு அன்று மாலையே மறுதேர்வு நடத்தப்பட்டது. மதியம் 1.30க்கு முன்பே உள்ளே வந்த மாணவிக்கு இதனால் எவ்வளவு களைப்பு ஏற்பட்டிருக்கும் என்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. இருந்தாலும் அவர்களுக்குத் தேர்வுக்கான முழு நேரமும் கிடைத்தது.

வேறு சில மையங்களில் அதுகூடக் கிடைக்கவில்லை. தாமதமாகத் தொடங்கிய தேர்வை, தாமதமான நேரம் அளவுக்கு நீட்டிக்காமல் மணி அடித்ததும் தாளை வாங்கிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுக்க மேலிடத்திலிருந்து எழுத்து வேண்டும் என்ற தயக்கம், மற்ற அறைகளில் 5.20க்கு முடித்துவிட்டு வெளியே நிற்கும் பெற்றோரின் நெரிசல், கட்டுகளை ஒப்படைக்க வேண்டிய அவசரம் என்று காரணங்கள் பல. பாதிக்கப்பட்டவர்கள் தேர்வு முகமைக்கு முறையிட்டார்கள். பஞ்சாப் ஹரியானா, டெல்லி, சத்தீஸ்கர் உயர் நீதிமன்றங்களிலும் வழக்குகள் போடப்பட்டன. முகமை அமைத்த குறைதீர் குழு, மைய அலுவலர்களின் அறிக்கைகளையும் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளையும் பார்த்து, யாருக்கு எத்தனை நிமிடம் போனது என்று கணக்கிட்டது. ஆறு மையங்களில் 1,563 பேர் பட்டியலில் வந்தார்கள். சத்தீஸ்கரில் 602, ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் 494, மேகாலயாவில் 464, சண்டிகரில் இருவர், குஜராத்தில் ஒருவர்.

தேர்வு முடிந்து போனதால் நிமிடங்களைத் திருப்பித் தர வழியில்லை. அதனால் நிமிடங்களுக்குப் பதில் மதிப்பெண் கொடுத்தார்கள். இதற்குக் கைகொடுத்தது 2018இல் சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த ஆண்டு கணினிகள் கோளாறு செய்ததால் பல மாணவர்கள் நேரத்தை இழந்தார்கள். ஒருவர் தமக்குக் கிடைத்த நேரத்தில் என்ன வேகத்தில், எவ்வளவு சரியாக எழுதினாரோ, அதே விகிதத்தில் இழந்த நேரத்துக்கும் மதிப்பெண் சேர்க்கலாம் என்ற சூத்திரத்தை நீதிமன்றம் அப்போது ஏற்றது. அதே சூத்திரம் நீட்டுக்கும் எடுத்தாளப்பட்டது.

சூத்திரத்தின் சாரத்தை ஒரு கற்பனை மாணவரை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 200 நிமிடத் தேர்வில் அவருக்கு 20 நிமிடம் போய்விட்டது, கிடைத்தது 180 நிமிடம். அதற்குள் 150 கேள்விக்கு விடை எழுதினார். 130 சரி, 20 தவறு. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ஆக 520இலிருந்து 20 போக 500. நிமிடத்துக்கு 2.78 மதிப்பெண் என்று ஆகிறது. இழந்த 20 நிமிடத்துக்கு 55.6 சேரும். மொத்தம் ஏறத்தாழ 556. இவருக்கு 30 கேள்விகள் மீதம் இருந்தன, அவற்றை எழுத நேரம் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும் என்று சொல்வதில் ஒரு நியாயம் தெரிகிறது.

இன்னொருவரைப் பார்ப்போம். அவரும் 20 நிமிடம் இழந்தவர்தான், ஆனால் வேகமாக எழுதுபவர். 180 நிமிடத்திலேயே எழுத வேண்டிய 180 கேள்வியையும் முடித்துவிட்டார். 175 சரி, 5 தவறு. மதிப்பெண் 695. நிமிடத்துக்கு 3.86. இழந்த 20 நிமிடத்துக்கு 77 சேர்த்தால் 772. தேர்வின் உச்சமே 720 என்பதால் 720இல் நிறுத்த வேண்டும். ஐந்து கேள்விக்குத் தவறாக விடை எழுதியவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார். அவருக்கு எழுத ஒரு கேள்விகூட மீதம் இல்லை. அந்த 20 நிமிடமும் கிடைத்திருந்தால் ஒருமுறை சரிபார்த்திருப்பார், அவ்வளவே. ஓஎம்ஆர் தாளில் பேனாவால் நிரப்பிய வட்டத்தை மாற்றவும் முடியாது.

விகிதக் கணக்கின் ஓட்டை இதுதான். எழுதாமல் விட்ட கேள்விகளின் அளவுக்குள் கருணை மதிப்பெண்ணை நிறுத்தியிருந்தால் இவ்வளவு பிசகு வந்திருக்காது. முகமையும் பிற்பாடு உச்ச நீதிமன்றத்தில் ஏறக்குறைய இதைத்தான் ஒப்புக்கொண்டது. இரண்டாவது ஓட்டை, 2018 கிளாட் கணினியில் நடந்த தேர்வு என்பது. எந்த மாணவரின் திரை எப்போது நின்றது, எப்போது மீண்டது என்பது கணினிப் பதிவிலேயே இருந்தது. காகிதத்தில் நடக்கும் நீட்டில் அப்படி ஒரு பதிவு கிடையாது. மையத்தின் அறிக்கையையும் கேமரா காட்சியையும் வைத்து அறைக்கு அறை அனுமானிப்பதுதான் வழி. தவறு செய்த மையமே அந்தத் தவறின் அளவையும் எழுதித் தருகிறது.

2024 ஜூன் 4 அன்று முடிவு வெளியானபோது பிசகு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சிலருக்கு 718, 719 என்று மதிப்பெண் இருந்தது. 720க்கு ஒரு கேள்வியை விட்டால் 716, ஒன்றைத் தவறாக எழுதினால் 715. இடையில் 717, 718, 719 என்ற எண்கள் இந்த முறையில் வரவே முடியாது. பள்ளி மாணவரும் போடக்கூடிய இந்தக் கணக்குதான் கருணை மதிப்பெண் விவகாரத்தை முதலில் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. முழு மதிப்பெண் பெற்ற 67 பேரில் ஆறு பேர் ஜஜ்ஜர் மாவட்டத்தின் ஒரே மையத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும் சந்தேகத்தை வளர்த்தது. முகமை தேர்வு நேரத்திலேயே அந்த நிமிடங்களைக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

ஜூன் 13 அன்று அந்த 1,563 பேரின் மதிப்பெண் பட்டியலும் ரத்தாகும் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர்களுக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன. கருணை மதிப்பெண் இல்லாத பழைய மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளலாம், அல்லது ஜூன் 23 அன்று மறுதேர்வு எழுதலாம். 813 பேர் எழுத வந்தார்கள், 750 பேர் வரவில்லை. சண்டிகரின் இருவருமே வரவில்லை. குஜராத்தின் ஒருவர் வந்தார். முன்பு 720 காட்டிய அந்த ஆறு பேரில் எவருக்கும் மறுபடி 720 வராததால் முதலிடக்காரர்களின் எண்ணிக்கை 67இலிருந்து 61 ஆனது.

மறுதேர்விலும் சிக்கல் இல்லாமலில்லை. ஏழு வாரம் கழித்து, வேறு கேள்வித்தாளில், வேறு மனநிலையில் எழுதியவரையும் மே 5இல் எழுதியவரையும் ஒரே தரவரிசையில் வைக்கிறார்கள். அந்தத் தாள் கொஞ்சம் எளிதாகவோ கடினமாகவோ இருந்தால் ஆயிரக்கணக்கான இடங்கள் தள்ளிப்போகும். மே 5 அன்றே மாற்றுத் தாளை எழுதி முடித்த மையங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். தவறான தாள் போனது தெரிந்தும் சிலரை அதையே எழுதி முடிக்கவிட்டு, அந்தத் தாளுக்குரிய விடைகளை வைத்தே திருத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 2 அன்று வந்த விரிவான தீர்ப்பில், தேர்வு முழுவதையும் ரத்து செய்ய மறுத்த உச்ச நீதிமன்றம், தவறான தாள் விநியோகத்தையும் கருணை மதிப்பெண் விவகாரத்தையும் முகமையின் குறைகளாகச் சுட்டிக்காட்டியது. முகமை மாற்றி மாற்றி முடிவெடுப்பதையும் கண்டித்தது.

தமிழ்நாட்டில் இதற்கு முந்திய ஆண்டு நடந்த ஒன்று, இழந்த நிமிடங்களை உடனே ஈடுகட்டினாலும் எல்லாம் தீர்ந்துவிடாது என்று காட்டுகிறது. 2023 பிப்ரவரி 25 அன்று டிஎன்பிஎஸ்சி குரூப் 2 முதன்மைத் தேர்வு. வினாத்தாளோடு சேர்ந்த விடைக் கையேட்டில் தேர்வரின் பதிவெண் அச்சிடப்பட்டிருந்தது. பல மையங்களில் அந்த எண்ணும் வருகைப் பதிவின் வரிசையும் ஒத்துப்போகவில்லை. கையேடுகளை உரியவரிடம் சேர்ப்பதற்குள் காலைத் தேர்வு தாமதமானது. தாமதமான அளவுக்குக் கூடுதல் நேரம் தரப்பட்டு, பிற்பகல் தேர்வும் அரை மணி தள்ளி 2.30க்குத் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. நேரத்தைப் பொறுத்தவரை இது சரியான நடவடிக்கைதான். ஆனால் கையேட்டைக் கொடுத்து வாங்கிய இடைவெளியில் சிலர் கேள்விகளைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தையும் கைப்பேசியையும் புரட்டினார்கள் என்ற புகார் எழுந்தது. அந்தக் காலைத் தாள் தமிழ்த் தகுதித் தாள். அதில் எடுக்கும் மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது என்பதால் பாதிப்பு சுருங்கியது. அதே குழப்பம் பிற்பகல் தாளில் நேர்ந்திருந்தால் தேர்வாணையத்தால் இவ்வளவு எளிதில் கடந்திருக்க முடியாது.

ஆக, தாள் மாறும்போது மையம் அந்த இடத்திலேயே செய்ய வேண்டியவை இரண்டு. மாற்றித் தரும்வரை யாரும் இருக்கையைவிட்டு எழாமல், முதலில் கொடுத்த தாள் எவர் கையிலும் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி மாணவரின் கையில் சரியான தாள் சேர்ந்த நேரத்தைப் பதிவு செய்து, அங்கிருந்து முழு நேரத்தையும் கணக்கிட்டுத் தர வேண்டும். இவ்விரண்டையும் அன்றே செய்யத் தவறினால் பிறகு மிஞ்சும் வழிகள் கருணை மதிப்பெண், மறுதேர்வு, வழக்கு. மூன்றுமே யாரோ ஒருவருக்கு அநியாயமாகத்தான் முடிகின்றன.

தேர்வு எழுதுபவர் கையிலும் சில உண்டு. கையேடு வந்ததும் முத்திரையைத் தொடுவதற்கு முன்பு மேலட்டையில் மொழியையும் குறியீட்டையும் பார்த்து, குறியீட்டை ஓஎம்ஆர் தாளோடு ஒப்பிட வேண்டும். மாறியிருந்தால் எதையும் நிரப்பாமல் உடனே கையை உயர்த்த வேண்டும். குழப்பத்தில் கோபப்பட்டுக் கையேட்டோடு வெளியேறினால், தவறு மையத்தின் மீதிருந்து மாணவர் மீது திரும்பிவிடும். தேர்வறைக் கடிகாரத்தில் சரியான தாள் கைக்கு வந்த நேரத்தையும், திருப்பி வாங்கிய நேரத்தையும் நினைவில் குறித்துக்கொள்ள வேண்டும். கூடுதல் நேரம் தரவில்லையென்றால் அன்று மாலையே மையக் கண்காணிப்பாளரிடம் எழுத்துப் புகார் கொடுத்து, தேர்வு நடத்தும் அமைப்புக்கும் அறை எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அதில் கேளுங்கள். முடிவு வெளியாகும்வரை காத்திருக்க வேண்டாம்.